0.05% ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு நல்லதா?

"ஈரோட்டில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் பார்த்தேன். ஒன்றில் டி.எச்.டி. 0.05%, இன்னொன்றில் 0.5%. முதலாவது பத்து மடங்கு நன்றாகக் கேட்குமா?"

அப்படி இல்லைங்க. 1000 ஹெர்ட்ஸ் சுருதியை உள்ளே அனுப்பினால், வெளியே 2000, 3000 என்று அதன் மடங்குகளும் முளைக்கும். அவற்றின் மொத்த அளவை மூலச் சுருதியோடு ஒப்பிட்ட விகிதம்தான் டி.எச்.டி. 10 வோல்ட்டுக்கு 0.05 வோல்ட் கலந்தால் 0.5%.

எந்த மடங்கு எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. 2000 என்பது மேல் ஸ்தாயி ச, பாட்டோடு சேர்ந்துவிடும். 7000 எந்த ஸ்வரத்திலும் சரியாக உட்காராது, மூலச் சுருதியும் அதை மறைக்காது. கொஞ்சம் இருந்தாலே கரகரக்கும்.

எவ்வளவு வாட்டில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். நான் கோபியில் வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபயர் சத்தமாக வைத்தால் அருமை. இரவில் மெதுவாக வைத்தால் புல்லாங்குழல் நெருடியது. அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் தருகின்றன. சத்தமே இல்லாதபோதும் அவற்றில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் பயாஸ்; அது குறைந்தால் இரண்டும் சேரும் இடத்தில் அலையில் மடிப்பு விழும். சத்தம் குறைந்தாலும் மடிப்பு அவ்வளவாகக் குறையாது, அதனால் சதவீதம் ஏறும். மெக்கானிக் பயாஸைச் சரிசெய்ததும் நெருடல் போனது.

ஆகவே 1 வாட்டில் அளந்த டி.எச்.டி.யைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கடையில் தனிப் புல்லாங்குழலை மெதுவாக வைத்துக் கேளுங்கள். அப்புறம், ஸ்பீக்கரே பாஸ் ஒலியில் 1%-க்கு மேல் சேர்ப்பது சகஜம். பணத்தை அங்கே போடுவேன்.