விற்றவருக்கு என்ன நஷ்டம்?

கேள்வி: என் மச்சான் வேலை பார்க்கும் நிறுவனம் வேறொரு கம்பெனியை விலைக்கு வாங்கப் போகிறது. அறிவிப்பு வர இன்னும் சில வாரங்கள் ஆகுமாம். அந்தக் கம்பெனியின் பங்கில் 2,000 வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன். என் மனைவி தப்பு என்கிறாள். யாரிடமும் நான் பொய் சொல்லவில்லையே! விற்கிறவர் தானாகத்தான் விற்கிறார். நான் வாங்காவிட்டால் வேறு யாருக்காவது விற்பார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது நேர்மையான கேள்வி. "சட்டம் தடுக்கிறது" என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை.

உங்கள் வாதத்தில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு விற்கப்போகும் அந்த ஒருவரை நீங்கள் கெடுத்தீர்கள் என்று சொல்ல முடியாது. அவர் தன் காரணத்துக்காக விற்க வந்தவர். நீங்கள் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே விலைக்கு விற்றிருப்பார். நீங்களும் வாங்க வந்ததால் அவருக்கு ஒரு சின்னத் தொகை கூடுதலாகக்கூடக் கிடைத்திருக்கலாம். இப்படி உள் ரகசியம் தெரிந்து பங்கு வாங்குவதை, அதாவது இன்சைடர் டிரேடிங்கை, அனுமதிக்கலாம் என்று வாதாடிய அறிஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் காலூன்றி நின்றார்கள். ஆனால் விற்றவர் ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு பிடிபடாது. மொத்தப் பங்குகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு கோடி பங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய விலை 100. அறிவிப்பு வந்ததும் 130 ஆகிறது. (எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும்.) நீங்கள் ரகசியமாக 2,000 வாங்கியதால் கம்பெனி புதிதாக ஒரு பங்கும் வெளியிடவில்லை. எண்ணிக்கை அதே ஒரு கோடிதான். அப்படியானால் அறிவிப்பு வரும் நாளில் உங்களிடம் கூடுதலாக இருக்கும் 2,000, மற்ற எல்லோரிடமும் சேர்த்து 2,000 குறைந்தே இருக்க வேண்டும். உங்களுக்கு வரும் 60,000 லாபம், நீங்கள் குறுக்கே வராதிருந்தால் அவர்களுக்குப் போயிருக்க வேண்டிய அதே 60,000.

அந்த "அவர்கள்" யார்? 100-க்கு வாங்க வரிசையில் நின்று, உங்கள் ஆர்டர் முந்திக்கொண்டதால் கிடைக்காமல் திரும்பியவர் ஒருவராக இருக்கலாம். விற்கும் எண்ணமே இல்லாமல், விலை லேசாக ஏறுவதைப் பார்த்து "சரி, போதும்" என்று விற்றவர் இன்னொருவராக இருக்கலாம். ஆளுக்கு நூறு, இருநூறு பங்கு என்று நஷ்டம் சிதறிக் கிடக்கும். தனக்கு இழப்பு நேர்ந்தது என்றே அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் அவர்கள் முகம் தெரியாது. யாருடைய நஷ்டம் என்று சுட்டிக்காட்டத்தான் முடியாது. நஷ்டத்தின் அளவைக் கடைசிக் காசு வரை சொல்லிவிடலாம்.

ஒருவர் மட்டும் ஓரளவு கண்ணுக்குத் தெரிவார். சந்தையில் எப்போதும் ஒரு விலைக்கு வாங்கவும் சற்றுக் கூடுதலான விலைக்கு விற்கவும் தயாராக இருக்கும் மார்க்கெட் மேக்கர். 99.90-க்கு வாங்குவேன், 100.10-க்கு விற்பேன் என்று விலை வைத்திருக்கிறார். நடுவில் உள்ள 0.20 தான் அவர் பிழைப்பு. நீங்கள் கேட்ட 2,000 பங்குகளை அவர் 100.10-க்குக் கொடுத்துவிட்டார், தன்னிடம் இல்லாததால், பிறகு வாங்கி ஈடுகட்டலாம் என்று கொடுத்தார். அதற்குள் விலை 130. பங்குக்கு 29.90 வீதம் 59,800 நஷ்டம். இதை 0.20, 0.20 ஆகச் சேர்த்து மீட்க, மேற்கொண்டு 2,99,000 பங்குகளை அவர் வாங்கி விற்றாக வேண்டும்.

எதிரில் இருப்பவருக்கு ரகசியம் தெரியுமா தெரியாதா என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எல்லோருக்குமே இடைவெளியைக் கூட்டுகிறார்: 99.80-க்கு வாங்குகிறார், 100.20-க்கு விற்கிறார். இப்படித்தான் நடக்கும் என்பதை 1985-இல் லாரன்ஸ் கிளாஸ்டன், பால் மில்குரோம் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கணித முறையில் காட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுக்காலத்துக்கென்று கொஞ்சம் பங்கு வாங்குகிறவரும், மருத்துவச் செலவுக்கு விற்கிறவரும் ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதலாகக் கொடுக்கிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்காகக் கட்டும் தொகை அது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இங்கே நீங்கள் என்னை மடக்கலாம். "ஆண்டறிக்கையைக் கரைத்துக் குடித்து, இந்தக் கம்பெனியை யாராவது வாங்குவார்கள் என்று சரியாக ஊகித்த ஒருவர் 2,000 பங்கு வாங்கினாலும் மற்றவர்களுக்கு இதே 60,000 போகுமே! அவரை ஏன் குற்றம் சொல்வதில்லை?" நியாயமான கேள்வி. நஷ்டம் இருக்கிறது என்பதால் மட்டுமே ஒரு செயல் தவறாகிவிடாது. அவர் படித்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவரைவிட நன்றாக ஊகிக்கலாம். அவருடைய உழைப்பால் விலையும் உண்மைக்கு அருகில் போகிறது. உங்களிடம் இருப்பதோ, எதிரில் இருப்பவர் இரவு பகலாக உழைத்தாலும் எட்ட முடியாத ஒன்று. அதைவிட முக்கியமானது, அது உங்களுடையதே இல்லை. உங்கள் மச்சானுடையதும் இல்லை.

பிறகு யாருடையது? இதற்கு விடை தரும் வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1988-இல் கிராண்ட் மெட்ரோபாலிட்டன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், பில்ஸ்பரி என்ற அமெரிக்க உணவு நிறுவனத்தை வாங்கத் திட்டமிட்டு, மினியாபோலிஸ் நகரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தை அமர்த்திக்கொண்டது. அந்த அலுவலகத்தை நடத்திய வழக்கறிஞர் கூட்டாளிகளில் ஜேம்ஸ் ஓஹேகனும் ஒருவர். அந்த வேலையில் அவருக்குப் பங்கே கிடையாது. ஆனாலும் ஆகஸ்டில் பில்ஸ்பரியின் கால் ஆப்ஷன்களை, அதாவது அதன் பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமைகளை, வாங்கத் தொடங்கினார். செப்டம்பரில் 39 டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில் 5,000 பங்குகளும் வாங்கினார். அக்டோபரில் அறிவிப்பு வந்தது. பங்கு 60 டாலரை நெருங்கியது. எல்லாவற்றையும் விற்று 43 லட்சம் டாலருக்கு மேல் லாபம் பார்த்தார்.

நீதிமன்றத்தில் அவர் தரப்பு எடுத்த நிலையும் ஏறக்குறைய உங்களுடையதுதான். பில்ஸ்பரியின் பங்குதாரர்களுக்கு அவர் எந்த விதத்திலும் கடமைப்பட்டவர் அல்ல. அவர் அந்த நிறுவனத்தில் வேலை செய்யவில்லை. விற்றவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தும் விட்டது. 1997-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அந்தத் தகவல், தன் வேலைக்காக நம்பிக் கொடுத்தவருக்குச் சொந்தமானது. அவருக்குத் தெரியாமல் அதைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவது, பொறுப்பில் விடப்பட்ட பணத்தைக் கையாடுவதற்குச் சமம் என்றது. ஓஹேகன் கட்சிக்காரர்களின் பணத்தில் முன்பே கைவைத்திருந்தார் என்பதும், அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்த லாபத்தைப் பயன்படுத்தினார் என்பதும் அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. பணத்தை எடுத்தால் திருட்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தகவலை எடுக்கும்போது மட்டும் ஏன் வரவேண்டும்?

இப்போது உங்கள் மச்சானின் நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஒரு விலையை மனதில் வைத்துப் பேச்சு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். செய்தி கசிந்து நாலு பேர் வாங்கத் தொடங்கினால், அறிவிப்புக்கு முன்பே பங்கு ஏறும். "சந்தையே 112 தருகிறது, உங்கள் 130 போதாது" என்று எதிர்த்தரப்பு கேட்கும். கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அல்லது பேச்சே முறியும். உங்கள் 2,000 பங்கு மட்டும் விலையை இவ்வளவு நகர்த்தாது என்பது உண்மை. ஆனால் மச்சான் உங்களிடம் மட்டும்தான் சொன்னார் என்பதை எப்படி அறிவீர்கள்? நீங்கள் வாங்குவதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் காரணம் கேட்க மாட்டார்களா? கண்ணுக்குத் தெரியும் பாதிக்கப்பட்டவர் வேண்டும் என்றால், அது அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம்தான்.

"அவர் காசு வாங்கிக்கொண்டா சொன்னார், சொந்தத்தில்தானே சொன்னார்" என்று தோன்றும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்த்த சல்மான் வழக்கில் இதுவும் வந்தது. முதலீட்டு வங்கி ஒன்றில் வேலை பார்த்தவர், நடக்கப்போகும் நிறுவன இணைப்புகளைத் தன் அண்ணனுக்குச் சொன்னார். அண்ணன் அதைச் சல்மானுக்குச் சொன்னார். சல்மான் அந்த வங்கி ஊழியருக்கு மச்சான் முறை, மனைவியின் சகோதரர். ஊழியர் கையில் ஒரு காசும் வரவில்லை. ஒரு முறை அண்ணன் உதவி கேட்டபோது, இவர் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணனோ பணம் வேண்டாம், தகவல் கொடு என்றார். அந்த இருவருக்கும் தகவலும் பணமும் ஒன்றாகவே இருந்தன. உறவினர் வியாபாரம் செய்வதற்காகத் தகவலைப் பரிசாகக் கொடுப்பதும் குற்றமே என்று நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். மூன்றாவது கையாக இருந்த சல்மான், மூன்று ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர்.

சட்டத்தின் வரிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பெரிய அறிவிப்பு ஒன்று வந்ததும், அதற்கு முந்தைய வாரங்களில் யார் வாங்கினார்கள் என்று கண்காணிப்பு அமைப்புகள் பின்னோக்கிப் பார்ப்பது பரவலான நடைமுறை. ரகசியம் தெரிந்தவர்களின் பட்டியல் நிறுவனத்திடம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உறவுமுறை வெளியே வந்துவிடும். இதுவரை அந்தப் பங்கைத் தொடாத கணக்கு திடீரென்று 2,000 வாங்கியிருந்தால் அதுவே கண்ணை உறுத்தும். உங்களைப் பிடிப்பதற்கு முன் மச்சானைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய வேலை முதலில் போகும்.

ஆகவே அறிவிப்பு வெளியாகும் வரை அந்தப் பங்கை உங்கள் பெயரிலும் வாங்க வேண்டாம், மனைவி பெயரிலும் வேண்டாம், நண்பர் மூலமாகவும் வேண்டாம். ஆப்ஷன் பக்கமும் போகாதீர்கள். மச்சானின் நிறுவனப் பங்கு உங்களிடம் இருந்தால் அதையும் இப்போது விற்காதீர்கள். வாங்கும் நிறுவனத்தின் விலை அறிவிப்பன்று இறங்குவதும் உண்டு, அது தெரிந்து விற்பதும் இதே தவறுதான். யாரிடமும் இதைப் பேசாதீர்கள். அறிவிப்பு வந்து எல்லோரும் படித்த பிறகு, புது விலையிலும் வாங்கத் தகுந்தது என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.

மச்சானிடம் மட்டும் ஒரு தடவை பேசிவிடுங்கள். கோபமாக வேண்டாம்; பாசத்தில் சொல்லியிருப்பார். "நீங்க சொன்னதை வச்சு நான் எதுவும் வாங்கல, இனிமே ஆபீஸ் விஷயம் என்கிட்ட சொல்லாதீங்க, வேற யார்கிட்டயாவது சொல்லியிருந்தா அவங்களையும் வாங்க வேண்டாம்னு தடுத்துடுங்க" என்று நேராகச் சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.