ரவுண்டாகக் கொடுப்பதை ரவுண்டாக வாங்காதீர்கள்

கேள்வி: கோர்ட்டுக்கு எதிரே ஒன்பது வருடமாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 22 வக்கீல் ஆபீஸுக்கு மாதக் கணக்கு. எல்லோரும் தெரிந்தவர்கள், ஏமாற்றுகிறவர்கள் இல்லை. கணக்கில் மாதம் ஒன்றரை லட்சத்துக்கு வேலை போகிறது, ரொக்கத்தில் 90,000. வர வேண்டிய பாக்கி 4,10,000. பேப்பர் வாங்கத் தண்டல் எடுக்கிறேன்: 90,000 கையில் வாங்கி நாளுக்கு 1,000, நூறு நாள். இது மூன்றாவது தடவை. இப்போது க்யூஆர் கம்பெனியில் மூன்று லட்சம் கடன் தருகிறார்களாம். பாக்கிக்குத் தினமும் மெசேஜ் அனுப்பும் ஆப் போடச் சொல்கிறான் தம்பி. அதிகப் பாக்கி, 92,000, இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்த சீனியருடையது. கேட்டால் உறவு கெடுமோ என்று பயம். கடனை வாங்கட்டுமா? நோட்டுப் பக்கம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வாங்க வேண்டாம். ஆப்பும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன், விஷயம் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் இருக்கும் ஆபீஸுக்கு ஜூலையில் 9,200 ஆகியிருக்கிறது, குமாஸ்தா 5,000 கொடுத்திருக்கிறார். ஆகஸ்டில் 8,600, மறுபடி 5,000. செப்டம்பரில் 10,400, கொடுத்தது 6,000. பாக்கி 12,200. அந்த வக்கீலைக் கேட்டுப் பாருங்கள், ‘மாதா மாதம் கொடுத்துவிடுகிறேனே’ என்பார். பொய் இல்லை, மூன்று மாதமும் கொடுத்திருக்கிறார். ஆனால் எந்த மாதமும் முடியவில்லை. அவர் ரவுண்டாக ஒரு தொகை கொடுக்கிறார், நீங்களும் ‘வரவு’ என்று எழுதி, கோடு போடாமல் அடுத்த வரியில் புது வேலையைத் தொடங்கிவிடுகிறீர்கள். 22 பேரிடமும் இதே பழக்கம் இருக்கும் என்பது என் ஊகம்.

4,10,000-ஐ ஒன்றரை லட்சத்தால் வகுத்தால் 2.7 வரும். அதாவது நீங்கள் மாதக் கணக்கு என்று நினைப்பது உண்மையில் 80 நாள் கடன். அதை நீங்கள் எதிலிருந்து கொடுக்கிறீர்கள் என்றால், தண்டலிலிருந்து. நூறு நாளில் 10,000 என்றால் சின்னதாகத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் சராசரியாகப் பாதித் தொகைதான் உங்கள் கையில் இருக்கிறது. பாதிக்குப் பத்தாயிரம், அதுவும் நூறு நாளுக்கு. தோராயமாகப் பார்த்தாலும் வருடத்துக்கு 70 சதவீதத்துக்கு மேல் போகிறது. வக்கீல்களுக்கு வட்டியில்லாமல் கொடுப்பதை நீங்கள் இந்த வட்டிக்கு வாங்குகிறீர்கள்.

க்யூஆர் கடனும் தண்டல்தான், சட்டை மாற்றிப் போட்டிருக்கிறது. இந்த மாதிரிக் கடன்களில் பெரும்பாலும் தவணையைத் தினமும் உங்கள் க்யூஆரில் விழும் பணத்திலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். உங்கள் க்யூஆரில் விழுவது யார் பணம்? ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர் பணம். மாதம் ரொக்கத்தில் வரும் அந்த 90,000தான் இப்போது பேப்பரும் டோனரும் வாங்க உதவுகிறது. அதையும் பிடித்துவிட்டால் நாலாவது தண்டல் தேவைப்படும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் எல்லாக் கணக்கிலும் இந்த மாதக் கடைசித் தேதியில் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது பழைய பாக்கி, அதற்குத் தனிப் பக்கம். ஒன்றாம் தேதியிலிருந்து புதுக் கணக்கு. பில் ஒன்றாம் தேதி போக வேண்டும், பத்தாம் தேதிக்குள் முழுத்தொகை வர வேண்டும். 9,200 என்றால் 9,200, சில்லறையோடு. ‘இப்போதைக்கு ஐயாயிரம் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றால் வாங்குங்கள், ஆனால் ரசீதில் ‘ஜூலை பில்லில் பாக்கி 4,200’ என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி ஆபீஸ் மேஜை வரை போகும்.

பில்லில் ஒன்று சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. இப்போது ‘ஜெராக்ஸ் 340, டைப்பிங் 22 பக்கம்’ என்று மொத்தமாக எழுதுகிறீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் வழக்கு எண்ணையோ கட்சிக்காரர் பெயரையோ எழுதுங்கள், கொண்டு வந்த குமாஸ்தாவிடம் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஜெராக்ஸ் செலவை வக்கீல் கட்சிக்காரரிடம்தான் வாங்குகிறார். எந்தக் கேஸுக்கு எவ்வளவு என்று அந்த மாதமே தெரிந்தால் அவரால் கேட்க முடியும். மூன்று மாதம் கழித்து மொத்தமாக வந்தால் தன் கைக்காசுதான் போடவேண்டும், யாருக்கு மனசு வரும்? குமாஸ்தா வேறு ஆபீஸுக்கு மாறிவிட்டால் ‘இது எங்களுடையது இல்லையே’ என்பதற்கும் இந்தச் சீட்டுதான் பதில்.

ஒரு ஆபீஸ் வைக்கும் பாக்கிக்கு உச்சவரம்பு ஒன்றரை மாதத் தொகை போதும். பதினைந்தாம் தேதியில் போன மாத பில் முழுசும், இந்த மாதம் பாதியும் நிலுவையில் இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். மாதம் 9,000 வேலை தரும் ஆபீஸுக்கு 13,500. எல்லோருக்கும் சேர்த்தால் 2,25,000. இன்றைய பாக்கியைவிட 1,85,000 குறைவு, அதாவது உங்கள் தண்டலைப் போல் இரண்டு மடங்கு. அப்பீலுக்கு 700 பக்கம், ஐந்து செட் என்று வந்தால் அதை வரம்பில் சேர்க்காதீர்கள், பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு மெஷினை ஓட்டுங்கள்.

நினைவூட்டலுக்கு ஆப் தேவையில்லை, அது வக்கீலுக்கு அன்று வாய்தா இருக்கிறதா என்று பார்க்காமல் காலை பத்து மணிக்கு மெசேஜ் தட்டும். நீங்களே சனிக்கிழமை மதியம் அனுப்புங்கள்: ‘சார், வணக்கம். ஆகஸ்ட் பில் 8,600, பத்தாம் தேதி. விவரம் இணைத்திருக்கிறேன். ஏதாவது சரிபார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள்.’ பதினைந்தாம் தேதி தாண்டினால் நீங்கள் போனில் பேசுங்கள், கடைப் பெண்களைப் பேசச் சொல்லாதீர்கள். இருபதுக்கு மேல் புது வேலைக்கு ரொக்கம். கோர்ட் வராண்டாவில், கட்சிக்காரர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கேட்காதீர்கள். அங்கேதான் உறவு கெடும்.

பழைய பாக்கியை மாதத்தவணையாகப் பிரித்து வாங்குங்கள். அந்தத் தனிப் பக்கத்தின் அடியில் ‘நிலுவை சரி’ என்று தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அது முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து மறுபடி எண்ணலாம். வழக்குக்குப் போகப் போவதில்லை, ஆனாலும் வாங்குங்கள். இதன் அர்த்தம் உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சீனியரிடம் கடைசியில் போகலாம் என்று நினைப்பீர்கள். முதலில் அவரிடம் போங்கள். மற்ற 21 பேரும் அவரைத்தான் பார்ப்பார்கள். சாயங்காலம் ஆபீஸில் தனியாகப் பார்த்து, ‘சார், தண்டல் கட்டுகிறேன், முடியவில்லை. இனி எல்லோருக்கும் பத்தாம் தேதி வைத்திருக்கிறேன், உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். 92,000-ஐ மாதம் 8,000 வீதம் கேளுங்கள், ஒரு வருடத்தில் முடியும். இடம் பிடித்துக் கொடுத்தவருக்கு நீங்கள் தண்டல் கட்டுவது தெரிந்திருக்காது. உங்கள் கடிதத்தில் அவரிடம் சொன்னதாக எங்கும் இல்லையே.

இப்போதுள்ள தண்டலைக் கட்டி முடியுங்கள், திரும்ப எடுக்காதீர்கள். நடுவில் பேப்பருக்கு முட்டுப்பட்டால் வங்கியில் ஒரு சின்ன நகைக் கடன், வட்டி இதில் கால்வாசிகூட வராது. அப்புறம், மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, வக்கீல் கையிலும் பணம் புழங்காது. அதனால் ஏப்ரல் பில்லை மட்டும் இருபதாம் தேதியே போட்டு, கோர்ட் மூடுவதற்குள் வாங்கிவிடுங்கள்.