“நல்ல உழைப்பாளி, ஆனால்…”: டேலண்ட் ரிவ்யூ சுருக்கம் எழுதுவது பற்றிக் கேள்வி-பதில்

பிப்ரவரியில் நிதியாண்டு முடியும் நிறுவனங்களில் இது டேலண்ட் ரிவ்யூ காலம். டர்பன் வட்டாரத்திலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. தன்கீழ் வேலை செய்பவரின் திறனையும் அடுத்த பதவிக்கான தயார்நிலையையும் மேலிடத்துக்கு அரைப் பக்கத்தில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

பைன்டவுனில் ஒரு பேக்கேஜிங் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். என் லைன் சூப்பர்வைசரான ஒரு பெண்ணை ஷிப்ட் மேலாளர் பதவிக்குக் கருதுகிறோம். “கடின உழைப்பாளி. எல்லோருடனும் நன்றாகப் பழகுவார். தன்னம்பிக்கை கொஞ்சம் குறைவு. தலைமைப் பண்பு வளர வேண்டும், ஆனால் எதிர்காலம் உண்டு” என்று எழுதினேன். எச்.ஆர். திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன குறை?

இதைப் படிக்கப்போகிறவர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். அந்தப் பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. நீங்கள் எழுதிய வரிகளை வைத்து அவரால் ஒரு முடிவும் எடுக்க முடியாது. அவை அந்தப் பெண்ணைப் பற்றி உங்கள் மனதில் இருக்கும் எண்ணத்தைத்தான் சொல்கின்றன. அவர் என்ன செய்தார் என்பது அதில் இல்லை.

“தன்னம்பிக்கை குறைவு” என்பதையே எடுத்துக்கொள்வோம். எதைப் பார்த்து அப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, மாதாந்திரக் கூட்டத்தில் அவர் வாய் திறப்பதில்லை என்று பதில் எழுதியிருந்தீர்கள். இயந்திரம் நின்றால் யாரையும் கேட்காமல் தானே முடிவெடுப்பார் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. அப்படியானால் தன்னம்பிக்கை குறைவு என்ற முடிவு நிற்காது. நீங்கள் கண்டது ஒன்றுதான்: கூட்டத்தில் கேட்டால் மட்டுமே பேசுகிறார். ஷிப்ட் மேலாளர் காலைக் கூட்டத்தில் உற்பத்திக் கணக்கைச் சொல்ல வேண்டியவர் என்பதால் இது பதவிக்குத் தொடர்புள்ள விஷயம்தான். எழுதலாம், ஆனால் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்து நான் இப்படி எழுதுவேன்:

“கருதும் பதவி: ஷிப்ட் மேலாளர், இரண்டு லைன்கள், சுமார் 40 பேர். கண்டது: கடந்த 18 மாதங்களில் இவருடைய லைனில், ஒரு சரக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் சராசரி 50 நிமிடத்திலிருந்து 35 நிமிடமாகக் குறைந்தது. வேலைகளின் வரிசையை ஆபரேட்டர்களுடன் உட்கார்ந்து இவரே மாற்றி அமைத்தார். அந்தக் காலத்தில் புதிய இயந்திரம் எதுவும் வரவில்லை. ஆகஸ்டில் ஷிப்ட் மேலாளர் விடுப்பில் இருந்த மூன்று வாரம் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். கழிவு வழக்கமான அளவைத் தாண்டவில்லை. நான்கு புதிய ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மூவர் இப்போது தனியாக வேலை செய்கிறார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் கேட்டால் மட்டுமே பேசுகிறார். காண வாய்ப்பில்லாதது: ஓவர்டைம் பட்ஜெட்டும் ஒழுங்கு நடவடிக்கை விசாரணையும் இவரிடம் இதுவரை கொடுக்கப்படவில்லை. தயார்நிலை: 12 முதல் 18 மாதம். அதற்குள் ஒரு காலாண்டு ஓவர்டைம் பட்ஜெட்டைக் கையாள வேண்டும். இரண்டு விசாரணைகளில் உடன் அமர்ந்துவிட்டு ஒன்றைத் தாமே நடத்த வேண்டும். இந்தப் பதவியில் விருப்பம் உண்டு என்று நவம்பரில் பேசியபோது சொன்னார்.”

இதில் ‘காண வாய்ப்பில்லாதது’ என்ற பகுதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சுருக்கங்களில் நான் அதிகம் பார்க்கும் அநியாயம் இங்கேதான் நடக்கிறது. பட்ஜெட்டைக் கையில் கொடுக்காமலே “பட்ஜெட் அறிவு போதாது” என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவர் செய்து சரியாக வராததும், செய்யவே வாய்ப்புக் கிடைக்காததும் வேறு வேறு. முதலாவது அவரைப் பற்றிய தகவல். இரண்டாவது நிறுவனம் அவருக்கு இன்னும் எதைக் கொடுக்கவில்லை என்பதைப் பற்றிய தகவல். இரண்டையும் கலந்தால் மேலிடம் தவறான ஆளைத் தேர்ந்தெடுக்கும், அல்லது சரியான ஆளை ஒதுக்கிவிடும்.

எண்களிலும் கவனம் வேண்டும். நேரம் குறைந்ததற்கு அவர்தான் காரணம் என்று சொல்ல, வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிய இயந்திரம் பற்றிய வரி அதற்காகவே சேர்த்தது. மறுபக்கமும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது டர்பன் தெற்கில் எத்தனையோ ஆலைகள் நின்றுபோயின. அந்தக் காலாண்டின் உற்பத்தி எண்ணைக் காரணம் சொல்லாமல் ஒரு சூப்பர்வைசரின் பெயருக்கு நேரே போட்டால் அது பொய்க்குச் சமம்.

எங்கள் விற்பனைக் குழுவில் முதலிடத்தில் இருப்பவரை ஒன்பது கட்ட அட்டவணையில் மேல் வலது மூலையில், அதாவது செயல்பாடும் திறனும் உயர்ந்த கட்டத்தில், வைத்தோம். அடுத்த ரீஜனல் மேலாளர் அவர்தான் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு மட்டும் தயக்கம். (ஜோகன்னஸ்பர்க்)

தயக்கம் நியாயமானது. ஒன்பது கட்டத்தில் ஒரு பக்கம் இப்போதைய செயல்பாடு, மறுபக்கம் திறன். விற்பனை எண் முதல் பக்கத்துக்கு மட்டுமே சான்று. அதையே இரண்டாம் பக்கத்துக்கும் காட்டினால் ஒரே சான்றை இரண்டு முறை எண்ணியதாகும். அப்புறம் அந்தக் கட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

திறனுக்குச் சான்று வேறு இடத்தில் கிடைக்கும். பழக்கமில்லாத வேலையைக் கொடுத்தபோது எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டார்? குறையைச் சொன்ன பிறகு அடுத்த முறை என்ன மாறியது? தன் இலக்கைத் தவிர மற்றவர் இலக்குக்கும் கைகொடுத்ததுண்டா? இவற்றுக்கு ஒரு சம்பவமாவது கையில் இல்லையென்றால், திறன் பக்கத்தை “போதிய சான்று இல்லை” என்று வெறுமையாக விடுங்கள். நடுக்கட்டத்தில் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். அவருக்கு மேலாளர் ஆக விருப்பம் இருக்கிறதா என்றும் யாராவது அவரிடம் கேளுங்கள். வாடிக்கையாளரோடு இருப்பதே பிடிக்கும், ஆட்களை நிர்வகிப்பது பிடிக்காது என்று சொல்லும் நல்ல விற்பனையாளர்கள் நிறைய உண்டு.

ஒருவருடைய பெயருக்கு நேரே “1–2 ஆண்டில் தயார்” என்று மூன்று ஆண்டாக இருக்கிறது. மாற்றலாமா? (உம்ஸ்லாங்கா)

மாற்றத்தான் வேண்டும். அது வெறும் காலக்கெடுவாக இருந்ததால்தான் அப்படியே நின்றுவிட்டது. எந்த அனுபவம் குறைகிறது, அதை யார் ஏற்பாடு செய்வார், எந்த மாதத்துக்குள், இந்த மூன்றும் இல்லாத தயார்நிலை ஆண்டுதோறும் நகல் எடுக்கப்படும். பழைய மூன்று சுருக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சொன்ன அனுபவம் அவருக்குக் கிடைக்கவே இல்லையா, கிடைத்தும் வரவில்லையா? முதலாவதானால் சுருக்கத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்: “2023-இல் பரிந்துரைத்த தற்காலிகப் பொறுப்பு வழங்கப்படவில்லை.” மேலாளருக்குச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் எழுதுங்கள்.

கிடங்கு சூப்பர்வைசர் ஒருவர் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் ஓவர்டைம் வேண்டாம் என்கிறார். இன்னொருவர் பிரசவ விடுப்பிலிருந்து இப்போதுதான் திரும்பினார். “ஈடுபாடு கேள்விக்குறி”, “இப்போதைக்குப் பயணம் செய்யும் பதவி வேண்டாம்” என்று எங்கள் மேலாளர் எழுதியிருக்கிறார். நான் எச்.ஆரில் இருக்கிறேன். விடலாமா? (பீனிக்ஸ்)

இரண்டு வரிகளையும் எடுத்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு மதம், பண்பாடு, கர்ப்பம், குடும்பப் பொறுப்பு ஆகியவற்றின் பேரில் நியாயமற்ற பாகுபாடு கூடாது என்கிறது. ஓவர்டைமோ, பொதுவாகச் சம்மதம் இருந்தால் மட்டுமே செய்யக்கூடியது. ஒப்பந்தத்தில் சம்மதித்திருந்தால் அது வேறு பேச்சு. அதை ரோஸ்டர் போடும்போது பேசித் தீர்க்க வேண்டும், திறன் சுருக்கத்தில் அல்ல.

மேலாளரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “ஈடுபாடு” என்று சொல்லும்போது வேலையில் எதைக் கண்டீர்கள்? சரக்கு எண்ணிக்கையில் பிழை, தாமதமான லாரிகள், ஷிப்ட் ஒப்படைப்பில் குறை என்று ஏதாவது இருந்தால் அதைத் தேதியோடு எழுதட்டும். ஒன்றும் இல்லையென்றால் அந்த வரிக்கு அங்கே வேலை இல்லை.

பிரசவ விடுப்பிலிருந்து வந்தவர் விஷயத்தில், பயணம் முடியுமா என்பதை அவரே சொல்ல வேண்டும். அவருக்காக யோசித்து எழுதுவது அக்கறையாகத் தோன்றலாம். பறிபோவது அவருடைய வாய்ப்பு. “இந்தப் பதவியில் மாதம் இரண்டு முறை கேப் டவுன் போக வேண்டும், விருப்பம் உண்டா என்று பிப்ரவரியில் கேட்கப்படும்” என்று எழுதலாம். இந்தக் கேள்வியைப் பட்டியலில் உள்ள ஆண்களிடமும் கேளுங்கள். விடுப்பில் இருந்த மாதங்களை மதிப்பீட்டுக் காலத்திலிருந்து கழித்துவிட்டு, வேலை செய்த மாதங்களின் சான்றை மட்டும் எடுங்கள்.

அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஒருவர் வேலைக்குத் தகுதியானவரா என்று பார்க்கும்போது படிப்பு, முன்பு கற்றது, அனுபவம் ஆகியவற்றோடு, நியாயமான காலத்துக்குள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் ஆற்றலையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. திறனையும் தயார்நிலையையும் பிரித்து எழுதும் பழக்கம் இதற்கு நன்றாகவே பொருந்தும்.

என்னைப் பற்றி எழுதியதை நான் கேட்டு வாங்க முடியுமா? (சாட்ஸ்வொர்த்)

கேட்கலாம். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புக்கான போப்பியா சட்டத்தின் 23-ஆம் பிரிவு, உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தனிப்பட்ட தகவலைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்லும் கருத்தும் அந்தச் சட்டப்படி தனிப்பட்ட தகவல்தான். சில காரணங்களின் பேரில் நிறுவனம் மறுக்கலாம், அல்லது பிறர் பெயர்களை மறைத்துத் தரலாம். தவறான தகவலைத் திருத்தக் கேட்க 24-ஆம் பிரிவு உண்டு. எழுத்தில் கேளுங்கள், எந்த ஆண்டின் ரிவ்யூ என்று குறிப்பிடுங்கள்.

பதவி உயர்வே கிடைக்கவில்லை, அதற்கான நடைமுறை நியாயமாக இல்லை என்று நினைத்தால், தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வுக்குப் போக வழி இருக்கிறது. பொதுவாக 90 நாட்களுக்குள் மனு போட வேண்டும், ஆகவே சுருக்கம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்து நாளைக் கடத்திவிடாதீர்கள்.

ஆளுமைத் தேர்வு மதிப்பெண்ணைச் சுருக்கத்தில் சேர்க்கலாமா? (டர்பன் நார்த்)

தேர்வு நம்பகமானது, செல்லுபடியாவது என்று அறிவியல்பூர்வமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும்; எல்லா ஊழியருக்கும் நியாயமாகப் பயன்படுத்தக் கூடியதாக, எந்தப் பிரிவினருக்கும் பாதகம் இல்லாததாக இருக்க வேண்டும். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு கேட்பது இதுதான். இணையத்தில் கிடைக்கும் இலவசத் தேர்வு இதற்கு உதவாது. முறையான தேர்வாக இருந்தாலும் மதிப்பெண்ணைத் தனியாகப் போடாதீர்கள். வேலையில் கண்டதோடு அது ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா என்று ஒரு வரி சேருங்கள். முரண்பட்டால் வேலையில் கண்டதற்கே நான் அதிக எடை கொடுப்பேன்.