அந்தி நேரத்தில் விளக்கு ஏன் துடிக்கிறது?

கேள்வி: எல்டிஆர் வைத்த தானியங்கி விளக்கு இருட்டும் நேரத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. ஷ்மிட் ட்ரிக்கர் போட்டால் சரியாகுமா?

சரியாகும். உங்கள் சுற்றில் எரிவதற்கும் அணைவதற்கும் ஒரே எல்லைதான் இருக்கிறது. அந்தியில் வெளிச்சம் மிக மெதுவாகக் குறைவதால் மின்னழுத்தம் அந்த எல்லையருகே வெகுநேரம் நிற்கும். ஒரு மேகம் நகர்ந்தாலே அதைத் தாண்டித் திரும்பும். ஷ்மிட் ட்ரிக்கரில் எல்லைகள் இரண்டு. இடையிலுள்ள இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ். அதற்குள் விளக்கு முன்பிருந்த நிலையிலேயே இருக்கும். தண்ணீர்த் தொட்டி கால்வாசியானதும் மோட்டார் ஓடி, நிரம்பியதும் நிற்பதைப் போல.

இதற்கு 555 ஐசி போதும். 2, 6 ஆகிய கால்களை இணையுங்கள். அங்கிருந்து 12 வோல்ட்டுக்கு எல்டிஆர், தரைக்கு 10 கிலோ ஓம். 4, 8 கால்கள் 12 வோல்ட்டுக்கு, 1 தரைக்கு. 3ஆம் காலிலிருந்து தரைக்கு 12 வோல்ட் ரிலே. அதன் சுருளுக்குக் குறுக்கே டையோடைத் தலைகீழாகப் போட மறக்காதீர்கள்.

ஐசியின் எல்லைகள் 4 வோல்ட், 8 வோல்ட். இருட்டி எல்டிஆர் 20 கிலோ ஓமைத் தாண்டினால் விளக்கு எரியும். விடிந்து 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால்தான் அணையும். சீக்கிரமே எரிந்தால் 10 கிலோவுக்குப் பதில் 22 கிலோ போடுங்கள்.

ஹிஸ்டெரிசிஸ் இருந்தால் எல்டிஆரை எங்கும் வைக்கலாம் என்பது தவறு: விளக்கின் ஒளியே அதில் பலமாக விழுந்தால் இரவு முழுக்கத் துடிக்கும், மறைத்தே வைக்க வேண்டும்.