தேர்வு நகரத்தை மாற்ற முடியுமா? தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் மகள் ஹைதராபாத்தில் விடுதியில் தங்கி ஜேஇஇ மெயினுக்குப் படிக்கிறாள். விண்ணப்பத்தில் தேர்வு நகரமாக ஹைதராபாத்தைக் கொடுத்துவிட்டாள். பொங்கலுக்கு ஊருக்கு வருபவள் இங்கிருந்தே மதுரையிலோ திருச்சியிலோ எழுதினால் நல்லது என்று நினைக்கிறீர்கள். மாற்ற வழி இருக்கிறது. ஆனால் திருத்தம் செய்ய விடும் அந்த இரண்டு நாளைத் தவறவிட்டால் யாராலும் மாற்ற முடியாது.

2025 ஜனவரித் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் 2024 நவம்பர் 22-ல் முடிந்தது. 26, 27 ஆகிய இரண்டு நாள் மட்டும் திருத்தம் செய்ய விட்டார்கள். தேர்வு நகரம் எது என்ற அறிவிப்புச் சீட்டு ஜனவரி 10-ல்தான் வந்தது. பெரும்பாலான பெற்றோர் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் பதறுகிறார்கள். அதற்குள் கதவு மூடி ஒன்றரை மாதம் ஆகியிருக்கும்.

இனி முக்கியமான விஷயம், முகவரி. திருத்தத்தின்போது தேர்வு நகரத்தை மாற்றலாம், ஆனால் முகவரியையும் கைபேசி எண்ணையும் மாற்ற விடுவதில்லை. நகரப் பட்டியலோ நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி இரண்டையும் வைத்துத்தான் திறக்கும். உங்கள் மகள் தற்போதைய முகவரியாக விடுதியையும், நிரந்தர முகவரியாகத் தேவகோட்டை வீட்டையும் கொடுத்திருந்தால் தமிழ்நாட்டு நகரங்கள் அவளுடைய பட்டியலில் வரும். அவசரத்தில் ‘இரண்டும் ஒன்றே’ என்ற கட்டத்தில் டிக் அடித்து விடுதி முகவரியையே இரண்டிலும் போட்டிருந்தால் தமிழ்நாடு பட்டியலிலேயே வராது. ஆகவே முதல் வேலையாக அவளிடம் உறுதிப்படுத்தல் பக்கத்தை வாங்கிப் பாருங்கள்.

அதிலேயே கைபேசி எண்ணையும் பாருங்கள். பயிற்சி மையமே விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும்போது அவர்கள் எண்ணையே போட்டுவிடுவது உண்டு. அப்படியிருந்தால் ஓடிபி அங்கேதான் போகும். திருத்தம் செய்யும் நேரத்தில் அந்தக் கைபேசி யாரிடம் இருக்கிறது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்த நாளன்று `jeemain.nta.nic.in` தளத்தில் விண்ணப்ப எண், கடவுச்சொல் போட்டு உள்ளே போய், திருத்தத்துக்கான இணைப்பைத் திறந்து நகரங்களை வரிசைப்படுத்த வேண்டும். நான்கு நகரம் கேட்பார்கள். மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று பக்கத்து ஊர்களாகவே கொடுங்கள். நான்காவதையும் ஒரு இரவுப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய ஊராகப் பார்த்துப் போடுங்கள். ‘எங்கே கிடைக்கப்போகிறது’ என்று கடைசி இடத்தில் ஏனோதானோவென்று ஒன்றைப் போட வேண்டாம். ஒதுக்கீடு அதுவாகவும் வரலாம்.

இந்தத் திருத்தம் ஒரே ஒரு முறைதான். சேமித்ததோடு நின்றுவிட்டால் மாற்றம் ஏறாது, இறுதியாகச் சமர்ப்பிக்க வேண்டும். அப்புறம் புதிய உறுதிப்படுத்தல் பக்கத்தை இறக்கி, நகர வரிசை மாறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பழைய வரிசையே இருந்தால், திருத்த நேரம் முடிவதற்குள் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

சரி, இந்த நாள்களைத் தவறவிட்டால்? நகரச் சீட்டோ நுழைவுச் சீட்டோ வந்த பிறகு மருத்துவச் சான்று, வீட்டு விசேஷம், தூரம் என்று எதை எழுதி அனுப்பினாலும் மாற்றித் தருவதில்லை. பணம் கொடுத்தால் மையம் மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் முதுநிலை மருத்துவ நீட்டுக்கு நகரத்தை மறுபடி தேர்வு செய்ய விட்டார்களே என்று கேட்பீர்கள். அது உச்ச நீதிமன்ற உத்தரவால் ஒரே ஷிஃப்டாக மாறி, தேதி ஜூன் 15-லிருந்து ஆகஸ்ட் 3-க்குத் தள்ளிப்போனதால் எல்லோருக்கும் திறந்துவிட்டது. தனி ஒருவர் கேட்டுக் கிடைத்ததல்ல.

ஜேஇஇ-யில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஏப்ரல் சுற்றுக்கு அதே விண்ணப்ப எண்ணில் மறுபடி கட்டணம் கட்டும்போது நகரங்களைப் புதிதாகவே தேர்ந்தெடுக்கலாம்.

ஜனவரித் தேர்வு ஹைதராபாத்திலேயே அமைந்துவிட்டால், பொங்கல் முடிந்து திரும்புவதற்கான ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். மாற்றம் கிடைத்து மதுரையில் காலை ஷிஃப்ட் விழுந்தால், 9 மணித் தேர்வுக்கு 8.30-க்கே கதவை மூடிவிடுவார்கள். விடியற்காலையில் தேவகோட்டையிலிருந்து கிளம்பிக்கொள்ளலாம் என்று நினைக்காமல், முந்தின நாள் மாலையே மதுரை போய்த் தங்கிவிடுங்கள்.