பாஸ்போர்ட் தொலைந்தால்: ஒரு பக்கத் துண்டுத்தாளில் என்ன எழுதலாம்?

கேள்வி: முப்பது பேரை வெளிநாட்டுச் சுற்றுலா அழைத்துப் போகிறேன். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எளிமையாக ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்க நினைக்கிறேன். எதையெல்லாம் எழுதலாம்?

பதில்: ‘பதற்றப்பட வேண்டாம்’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அதைப் படித்துப் பதற்றம் குறைந்தவர் யாரும் இல்லை. முதல் வரியாக ஒரு கேள்வியைப் போடுங்கள்: ‘கடைசியாக யாரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டினீர்கள்?’ ஹோட்டல் வரவேற்பில் நகல் எடுக்க வாங்கியிருப்பார்கள், பணம் மாற்றும் இடத்திலோ சிம் கார்டு கடையிலோ கேட்டிருப்பார்கள். அங்கெல்லாம் விசாரித்துவிட்டு, பையின் உள் அறைகளையும் ஹோட்டல் அறை லாக்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தேடிய பிறகே புகார் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தொலைந்ததாகத் தூதரகத்தில் பதிவானால் அந்தப் பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். அதன் எண், தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்காக இன்டர்போல் 2002 முதல் வைத்திருக்கும் பட்டியலுக்கும் போகலாம். அன்று ராத்திரியே பெட்டியின் அடியில் கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்ய முடியாது. விமான நிலையத்தில் நீட்டினால் தடுத்து நிறுத்திவிடுவார்கள். அதற்காக நாள் கணக்கில் தேடிக்கொண்டிருக்கவும் கூடாது. சில மணி நேரம் போதும். பறித்துக்கொண்டு ஓடியதைக் கண்ணால் பார்த்திருந்தால் தேடலே வேண்டாம், நேராகப் போலீஸ் ஸ்டேஷன்தான்.

போலீசில் எப்போது, எங்கே, எப்படி என்று சொன்னால் போதும். எப்படிப் போனது என்று தெரியாவிட்டால் ‘தொலைந்துவிட்டது’ என்றே சொல்ல வேண்டும். அனுமானத்தில் ‘திருடிவிட்டார்கள்’ என்று சொன்னால் கேள்விகள் நீளும். புகார் நகலை வாங்கியதும் அங்கேயே நின்று பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கட்டும். O என்ற எழுத்து 0 ஆகிவிடுவது சாதாரணம். அதைத் தூதரகத்தில் கண்டுபிடித்தால் மறுபடியும் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டிவரும்.

அடுத்து தூதரகம் அல்லது துணைத் தூதரகம். புகார் நகல், பாஸ்போர்ட்டின் நகல், புகைப்படம், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். புதுப் பாஸ்போர்ட்டுக்குப் பல நாள் ஆகலாம். சுற்றுலா வந்தவருக்குப் பெரும்பாலும் ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரப் பயணச் சான்றுதான் கிடைக்கும். நடுவில் வேறொரு நாட்டில் விமானம் மாற வேண்டியிருந்தால், அந்த நாடு இந்தச் சான்றை ஏற்குமா என்று விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். ஏற்காவிட்டால் டிக்கெட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். உங்கள் குழுவில் ஒரு பெரியவர் புதன்கிழமை மதியம் பஸ்ஸில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டார், சனிக்கிழமை இரவு விமானம் என்று வைத்துக்கொள்வோம். புதன் மாலையே புகார் கொடுக்கிறார். வியாழன் தூதரகத்துக்குப் போகிறார், வெள்ளி மதியம் சான்று கைக்கு வருகிறது. அப்பாடா என்று அறைக்குத் திரும்பிவிடுகிறார். ஆனால் விசாவும் உள்ளே வந்த முத்திரையும் தொலைந்த பாஸ்போர்ட்டோடு போய்விட்டன. புதுத் தாளில் எதுவுமே இல்லை. பல நாடுகளில் குடியேற்றத் துறை அலுவலகத்துக்குப் போய் வெளியேறும் அனுமதி வாங்கினால்தான் கிளம்பலாம். சனிக்கிழமை அந்த அலுவலகம் பூட்டியிருந்தால் விமானத்தைப் பிடிக்க முடியாது. அதனால் துண்டுத்தாளில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கட்டும்: ‘இந்த நாட்டை விட்டு வெளியேறத் தனி அனுமதி வேண்டுமா, அதை எங்கே வாங்குவது என்று தூதரகத்தில் முதல் நாளே கேளுங்கள்.’

இதே பெரியவர் வியாழன் காலையே அதைக் கேட்டிருந்தால், வெள்ளி மதியம் சான்றோடு நேரே அந்த அலுவலகத்துக்குப் போயிருப்பார்.

தாளின் பின்பக்கத்தைக் கட்டங்களாக விடுங்கள். பாஸ்போர்ட் எண், வழங்கிய நாளும் இடமும், விசா எண், நாட்டுக்குள் நுழையும் தேதி ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே அவரவர் கையால் நிரப்பட்டும். தூதரகம் பெரும்பாலும் தலைநகரில்தான் இருக்கும், துணைத் தூதரகம் எல்லா ஊரிலும் இருக்காது. அதனால் நீங்கள் தங்கும் ஒவ்வோர் ஊருக்கும் எந்த அலுவலகம் பொறுப்பு என்று பார்த்து, அதன் முகவரியையும் அலுவலக நேரம் முடிந்த பிறகு அழைக்க வேண்டிய எண்ணையும் நீங்களே அச்சிட்டுக் கொடுங்கள். பாஸ்போர்ட்டை போனில் படம் எடுத்திருக்கிறேன் என்பார்கள். பையோடு போனும் போனால் என்ன செய்வது? ஆளுக்கொரு நகல் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

கடைசியாக, ‘என் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, போலீஸ் ஸ்டேஷன் எங்கே?’ என்ற வரியைப் போகிற நாட்டு மொழியில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, விரல் வைத்துக் காட்டினால் போதும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடியும் அந்தப் பையிலேயே போயிருக்கலாம்.