டிரேட் லாக்: ஃபிஃபோ லாபம் ஏன் ஒத்துப்போவதில்லை

"டிரேட் லாகை ஃபிஃபோ முறையில் கணக்கிட பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். புரோக்கர் தரும் வரி அறிக்கையோடு லாபம் ஒத்துப்போகவில்லை. எங்கே தப்பு?"

பெரும்பாலும் தப்பு இன்ட்ராடேயில்தான் இருக்கும். ஒரே நாளில் வாங்கி விற்ற பங்கு டீமேட்டுக்கு வருவதே இல்லை. அதனால் அதைப் பழைய லாட்டோடு பொருத்தக் கூடாது.

2023 ஜூனில் 100 பங்கு 200 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 10-1-2025 அன்று 50 பங்கை 300-க்கு வாங்கி, அன்றே 50-ஐ 310-க்கு விற்கிறீர்கள். நேரடி ஃபிஃபோ இதை 5,500 ரூபாய் நீண்டகால மூலதன ஆதாயமாகக் காட்டும். உண்மையில் இது 500 ரூபாய் ஊக வணிக வருமானம். பழைய 100 பங்கும் அப்படியே இருக்கிறது.

ஆகவே ஃபிஃபோவுக்கு முன், ஐஎஸ்ஐஎன், தேதி வாரியாகத் தொகுத்து இதைச் செய்யுங்கள்:

```python
intra = min(buy_qty, sell_qty)
buy_qty -= intra
sell_qty -= intra
```

மிச்சம் மட்டும் ஃபிஃபோ வரிசைக்குள் போகட்டும். அன்று 80 விற்றிருந்தால், 30 மட்டும் பழைய லாட்டிலிருந்து கழியும்.

அடுத்து, 31 மார்ச் அன்று வரிசையில் மிஞ்சிய எண்ணிக்கையை டீமேட் இருப்போடு ஒப்பிடுங்கள். இருப்பு கூடுதலாக இருந்தால் போனஸ் அல்லது ஸ்ப்ளிட் விட்டுப்போயிருக்கலாம், டிரேட் லாகில் அவை வராது. போனஸை, ஒதுக்கிய தேதியில், விலை 0 என்று தனி லாட்டாகச் சேருங்கள். ஸ்ப்ளிட்டில் வாங்கிய தேதி மாறாது, ஆனால் ஐஎஸ்ஐஎன் மாறிவிடும். பழையதைப் புதியதோடு இணைக்காவிட்டால் விற்பனைக்கு லாட்டே கிடைக்காது.

எஸ்டிடியை மூலதன ஆதாயத்தில் கழிக்காதீர்கள், புரோக்கரேஜைக் கழிக்கலாம்.